எந்தக் கூரியர் முந்துகிறது? வெயிட்டேஜ் சொல்லும் கணக்கு

ஒரே வட்டாரத்தில் தொழில் செய்யும் சில நிறுவனங்களை ஒரே அளவுகோல்களால் அளந்து, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதற்கான கணக்குமுறைதான் போட்டியாளர் ஒப்பீட்டு அட்டவணை. அந்தத் தொழிலில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் காரணிகள் முதலில் பட்டியலிடப்படுகின்றன. ஒவ்வொரு காரணிக்கும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ப ஒரு வெயிட்டேஜ் தரப்படுகிறது; எல்லா வெயிட்டேஜையும் கூட்டினால் 1 வர வேண்டும். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு காரணியிலும் 1 முதல் 4 வரை மதிப்பெண் பெறுகிறது. பெரிய பலவீனம் என்றால் 1, சிறிய பலவீனம் 2, சிறிய பலம் 3, பெரிய பலம் 4. வெயிட்டேஜை மதிப்பெண்ணால் பெருக்கி, பெருக்கியவற்றைக் கூட்டினால் நிறுவனத்தின் மொத்தம் கிடைக்கும். அது 1-க்குக் கீழே போகாது, 4-க்கு மேலேயும் போகாது.

நான்கே படிகள் வைத்ததில் ஒரு நன்மை இருக்கிறது. ஐந்து படிகள் இருந்தால் சந்தேகம் வரும்போதெல்லாம் நடுவில் உள்ள 3-ஐப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். நான்கில் நடு இல்லை. பலமா, பலவீனமா என்று ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும்.

ஒரு தொழிலில் எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை, மூன்று முதல் ஆறு விஷயங்கள் சரியாக நடந்தால் மற்றவை தாமே சரியாகும் என்ற எண்ணம் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ரொனால்ட் டேனியல் 1961-இல் எழுதிய கட்டுரையில் முன்வைக்கப்பட்டது. எம்.ஐ.டி.யின் ஜான் ராக்கார்ட் 1979-இல் அதை நிர்வாகிகளுக்கான நடைமுறையாக வளர்த்தார். இன்று மேலாண்மை வகுப்புகளில் கற்பிக்கப்படும் வெயிட்டேஜ் அட்டவணை, ஃபிரெட் டேவிட்டின் வியூக மேலாண்மைப் பாடநூல் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. போட்டுப் பார்ப்பது சுலபம். ஆனால் இந்த அட்டவணையின் முடிவு நிறுவனங்களின் தரத்தை எவ்வளவு சார்ந்திருக்கிறதோ, அதே அளவுக்கு யாருடைய தேவையை வைத்து வெயிட்டேஜ் போடப்பட்டது என்பதையும் சார்ந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் போடும் அட்டவணை, போட்டவரின் விருப்பத்தைத்தான் எண்களாகத் திருப்பித் தரும்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளலாம். பின்னலாடை நிறுவனங்கள் அங்கிருந்து கூரியரில் அனுப்புவதில் ஆடை சாம்பிளும், சாயத்தின் நிறத்தை ஒப்புதல் பெறுவதற்கான லேப் டிப் துணித்துண்டும், ஏற்றுமதி ஆவணங்களும் முக்கியமானவை. துணித்துண்டு சென்னையிலுள்ள பையிங் அலுவலகத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போனால் ஒப்புதல் தாமதமாகும். சாயப்பட்டறையில் துணி காத்திருக்கும். கப்பல் தேதி மட்டும் காத்திருக்காது. இந்தச் சந்தையில் மூன்று வட்டாரக் கூரியர்கள் போட்டியிடுவதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காகக் கற்பனை செய்யப்பட்ட இவற்றை மேற்கு, தெற்கு, சென்னை என்று அழைக்கலாம். மேற்குக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பகுதியில் சொந்தக் கிளைகள் நெருக்கமாக உள்ளன. தெற்கு மதுரையிலிருந்து வளர்ந்தது. ஃபிரான்சைஸி வழியாகச் சிற்றூர்கள் வரை பரவியிருக்கிறது. சென்னை நிறுவனம் கிளைகளில் சிறியது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பார்சலை ஸ்கேன் செய்து, வாடிக்கையாளரின் போனுக்குத் தகவல் அனுப்புகிறது. அட்டவணையைப் போடுவது மேற்கின் நிர்வாகம்.

காரணிகளைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு கண்ணி இருக்கிறது. நேரத்துக்கு டெலிவரி, வண்டிகளின் எண்ணிக்கை, ஹப்பில் பைகள் பிரிக்கப்படும் வேகம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் காரணிகளாக எழுதத் தோன்றும். வண்டியும் ஹப்பும் காரணங்கள், நேரத்துக்கு டெலிவரி அவற்றின் விளைவு. மூன்றையும் சேர்த்தால் ஒரே பலத்துக்கு மூன்று முறை மதிப்பெண் விழும். எனவே வாடிக்கையாளர் நேரடியாக உணரும் விளைவுகளை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. நேரம் தவறாமை, எட்டும் ஊர்கள், கட்டணம், பொருளின் பத்திரம், டிராக்கிங் தகவல் என்ற ஐந்தும் இந்தத் தொழிலுக்குப் போதும்.

வெயிட்டேஜ் எங்கிருந்து வர வேண்டும்? நிர்வாகத்தின் அறைக்குள்ளிருந்து வந்தால், தங்கள் நிறுவனம் எதில் சிறந்ததோ அதற்கே அதிகம் விழும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நாள்தோறும் பெருமையோடு செய்யும் வேலை முக்கியமானதாகத் தோன்றுவது இயல்பு. வாடிக்கையாளர்களிடம் 100 புள்ளிகளைக் கொடுத்து, ஐந்து காரணிகளுக்கும் பங்கிடச் சொல்வது நம்பகமான வழிகளில் ஒன்று. எது முக்கியம் என்று தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே முக்கியம் என்பார்கள். ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றில் குறைய வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்போதுதான் உண்மையான வரிசை வெளிப்படும். அதோடு, விலகிப்போன வாடிக்கையாளர்களிடமும் காரணம் கேட்க வேண்டும். வாயால் கட்டணமே பெரிது என்று சொல்பவர், நடப்பில் இரண்டு முறை தாமதமானதும் கூரியரை மாற்றியிருப்பார். வெயிட்டேஜ் முடிவான பிறகுதான் மதிப்பெண் போடத் தொடங்க வேண்டும். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் செய்தால் இன்னும் நல்லது.

பின்னலாடை வாடிக்கையாளர்களிடம் இப்படிக் கேட்டதில் நேரம் தவறாமைக்கு 0.30, எட்டும் ஊர்களுக்கும் கட்டணத்துக்கும் தலா 0.20, பத்திரத்துக்கும் டிராக்கிங்குக்கும் தலா 0.15 கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

அடுத்து மதிப்பெண். பெரும்பாலான அட்டவணைகள் இங்கேதான் சாய்கின்றன. போட்டியாளரின் தரம் பற்றி நிர்வாகத்திடம் இருப்பது பொதுவாகக் கேள்விப்பட்ட செய்திதான்; அவர்களை விட்டு வந்த வாடிக்கையாளர் சொன்ன குறைகளே அதில் அதிகம் இருக்கும். இதற்கு மருந்து, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் முன்கூட்டியே எல்லை வகுப்பது. சொன்ன நாளில் 100-க்கு 95 அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் 4, 90 முதல் 95-க்குள் என்றால் 3, 80 முதல் 90-க்குள் என்றால் 2, அதற்கும் கீழே 1 என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு அளக்க வேண்டும்.

அளப்பதற்குச் சோதனைப் பார்சல்கள் அனுப்புவார்கள். ஒரே நாளில், ஒரே எடையில், ஒரே முகவரிகளுக்கு மூன்று கூரியர்களிலும் புக்கிங் செய்ய வேண்டும். மாலையில் வண்டி புறப்படுவதற்கு முந்தைய கடைசி புக்கிங் நேரம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஐந்து மணியோடு பை கட்டும் கிளையில் ஆறு மணிக்குக் கொடுத்த பார்சல் மறுநாள் கணக்கில் சேரும். அதைத் தாமதம் என்று எழுதினால் தவறு. சேர்ந்த நேரத்தைக் கூரியரின் இணையதளத்தில் பார்ப்பதைவிடப் பெற்றவரிடமே கேட்பது மேல். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று பதிவான வீட்டில் நாள் முழுவதும் ஆள் இருந்திருக்கலாம். டெலிவரிக்கு வந்தவர் அந்தத் தெருவுக்கே போகாமல் இருந்திருக்கலாம். பெற்றவர் சொல்லும் நேரமும் பதிவான நேரமும் அடிக்கடி ஒத்துப்போகவில்லை என்றால், அதுவே டிராக்கிங் மதிப்பெண்ணுக்கான சான்று.

எத்தனை பார்சல் போதும் என்பது அடுத்த கேள்வி. 20 அனுப்பினால் 19 நேரத்துக்குச் சேர்வது 95 சதவீதம், 18 சேர்வது 90 சதவீதம். ஒற்றைப் பார்சல், ஒரு மழை நாள், 4-ஐ 3 ஆக்கிவிடுகிறது. 200 அனுப்பி 190 சேர்ந்தாலும்கூட, புள்ளியியல் கணக்குப்படி அந்த நிறுவனத்தின் உண்மையான நிலை ஏறக்குறைய 92-க்கும் 98-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே அளவு எல்லைக்கோட்டின் அருகே விழுந்தால் இரண்டு மதிப்பெண்களையும் போட்டு இரண்டு மொத்தங்களையும் பார்த்துவிட வேண்டும்.

கட்டணத்தை ஒப்பிடுவது விலைப்பட்டியலைப் பார்ப்பதோடு முடிவதில்லை. பெரிய பெட்டிக்கு அதன் உண்மையான எடையை விட்டுவிட்டு, கன அளவிலிருந்து கணக்கிட்ட எடைக்குக் கட்டணம் வாங்குவது கூரியர் வழக்கம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. 30, 25, 10 சென்டிமீட்டர் அளவுள்ள சாம்பிள் பெட்டியின் கன அளவு 7500. 5000-ஆல் வகுத்தால் 1.5 கிலோ. தராசில் அது 600 கிராம்தான் இருக்கும். வேறொரு கூரியர் 4000-ஆல் வகுத்தால் 1.875 கிலோ வரும், அடுத்த அரைக்கிலோவுக்கு ஏற்றினால் 2 கிலோ. கிலோவுக்கு ஒரே விலை சொன்ன இருவரிடம் ஒரே பெட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். எரிபொருள் கூடுதல் கட்டணத்தைச் சேர்ப்பதிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. எனவே வாடிக்கையாளர் வழக்கமாக அனுப்பும் நான்கைந்து வகைப் பெட்டிகளுக்குப் பில் தொகையை வாங்கி ஒப்பிடுவதே நேர்மையான அளவு.

எட்டும் ஊர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு பின்கோடு பட்டியலில் இருப்பதால் அதற்குள் அடங்கும் எல்லாக் கிராமங்களுக்கும் ஆள் போகிறார் என்று பொருளில்லை. சில இடங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் டெலிவரி. சில இடங்களில் போன் செய்து, ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டு வாசல் வரை கொண்டுபோய்த் தருவதை மட்டும் எண்ண வேண்டும்.

இவ்வளவையும் அளந்தபின் மேற்கின் நிர்வாகத்துக்குக் கிடைத்த அட்டவணை இது என்று கொள்வோம்.

| காரணி | வெயிட்டேஜ் | மேற்கு | தெற்கு | சென்னை |
|---|---|---|---|---|
| நேரம் தவறாமை | 0.30 | 4 | 2 | 3 |
| எட்டும் ஊர்கள் | 0.20 | 2 | 4 | 2 |
| கட்டணம் | 0.20 | 3 | 3 | 2 |
| பொருளின் பத்திரம் | 0.15 | 3 | 2 | 3 |
| டிராக்கிங் தகவல் | 0.15 | 2 | 2 | 4 |
| மொத்தம் | 1.00 | 2.95 | 2.60 | 2.75 |

மேற்கின் மொத்தம் எப்படி வந்தது என்றால், 0.30-ஐ 4-ஆல் பெருக்க 1.20, எட்டும் ஊர்களில் 0.40, கட்டணத்தில் 0.60, பத்திரத்தில் 0.45, டிராக்கிங்கில் 0.30, கூட்டினால் 2.95. மேற்கு முதலிடம், சென்னை இரண்டாமிடம், தெற்கு மூன்றாமிடம். மேற்கு தெற்கைவிட 13 சதவீதம் சிறந்தது என்று இதைப் படிக்கக் கூடாது. மதிப்பெண்கள் யாரும் தராசில் நிறுத்ததல்ல, வரிசைக்காக வகுத்த படிகள். 4 என்பது 2-இன் இரு மடங்கு சேவை அல்ல. யார் முன்னே, யார் பின்னே, எந்தக் காரணியால் என்பதுவரைதான் அட்டவணையின் பேச்சு செல்லும்.

இனி அதே மூன்று நிறுவனங்கள், அதே மதிப்பெண்கள். வாடிக்கையாளர் மட்டும் வேறு. திருப்பூரில் ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் சிறு வியாபாரி ஒருவர், தமிழகத்தின் சிற்றூர்களுக்கெல்லாம் ஒற்றை ஒற்றை பார்சலாக அனுப்புகிறார். அவருக்கு ஒரு நாள் முன்பின் ஆவது பெரிய நட்டமில்லை. ஆனால் வாங்குபவரின் ஊருக்குக் கூரியர் போகவில்லை என்றால் ஆர்டரே கைவிட்டுப் போகும். 300 ரூபாய்ப் பொருளில் கூரியர் செலவு லாபத்தைத் தின்றுவிடும். பார்சல் எங்கே என்று வாங்கியவர் கேட்டுக்கொண்டே இருப்பார். இவரைப் போன்றவர்களின் புள்ளிகள் நேரம் தவறாமைக்கு 0.15, எட்டும் ஊர்களுக்கு 0.30, கட்டணத்துக்கு 0.25, பத்திரத்துக்கு 0.10, டிராக்கிங்குக்கு 0.20 என்று விழலாம். இப்போது தெற்கு 2.85-உடன் முதலிடத்துக்கு வருகிறது. மேற்கும் சென்னையும் தலா 2.65-இல் நிற்கின்றன. கடைசியில் இருந்த நிறுவனம் முந்திவிட்டது. இதற்காக அதன் வேலையில் எதுவும் மாறவில்லை.

இரண்டு அட்டவணைகளுமே சரியானவை. இரண்டு வகை வாடிக்கையாளரையும் சேர்த்து, சராசரி வெயிட்டேஜில் ஒரே அட்டவணை போடுவதுதான் தவறு. அப்படிப்பட்ட சராசரி வாடிக்கையாளர் திருப்பூரில் எங்கும் இல்லை. அவருக்காக எடுக்கும் முடிவு இரு தரப்புக்குமே அரைகுறையாகப் பொருந்தும். வருமானத்தில் கணிசமான பங்கு தரும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அட்டவணை வேண்டும்.

ஒரே பிரிவுக்குள்ளும் முதலிடம் எவ்வளவு உறுதியானது என்று சோதித்துப் பார்க்கலாம். பின்னலாடை அட்டவணையில் மேற்குக்கும் தெற்குக்கும் 0.35 வித்தியாசம். நேரம் தவறாமையிலிருந்து ஏறத்தாழ 0.09 வெயிட்டேஜை எடுத்து எட்டும் ஊர்களுக்குக் கொடுத்தால் இருவரும் சமமாகிவிடுவார்கள். அதே நேரம் தவறாமையிலிருந்து 0.07-ஐ டிராக்கிங்குக்கு நகர்த்தினால் சென்னை, மேற்கைத் தாண்டிவிடும். மதிப்பெண் பக்கம் இன்னும் மெல்லியது. மேற்கின் 4 உண்மையில் 3 என்றால் மொத்தம் 2.65 ஆகி, சென்னைக்குப் பின்னால் போகும். சோதனைப் பார்சல்களின் எண்ணிக்கை பற்றி மேலே சொன்னது இங்கேதான் கடிக்கிறது. 20 பார்சலில் 19 சேர்ந்ததை நம்பி முதலிடம் கொண்டாடும் நிர்வாகம், ஒற்றைப் பார்சலின் மேல் நின்றுகொண்டிருக்கிறது.

மொத்தத்தைவிட வரிகளைப் படிப்பதில் பயன் அதிகம். மேற்கு எதைத் திருத்த வேண்டும்? எட்டும் ஊர்களில் 2-ஐ 3 ஆக்கினால் 0.20 கூடும், டிராக்கிங்கில் ஒரு படி ஏறினால் 0.15. கணக்கு முதலாவதைக் காட்டுகிறது. ஆனால் ஊர்களைக் கூட்டுவதற்குச் சிற்றூர்தோறும் ஆள் வேண்டும். நாளுக்கு ஐந்து பார்சல் மட்டும் வரும் ஊரில் அவருக்குக் கூலி கட்டாது. டிராக்கிங்குக்கு வேண்டியது, இருக்கும் ஊழியர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஸ்கேன் செய்யும் ஒழுங்கு. அட்டவணையில் செலவுக்கு இடமில்லை என்பதால் இந்தத் தீர்ப்பை அதனிடம் கேட்கக் கூடாது. பக்கத்தில் வேறொரு தாளில் செலவை எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

போட்டியாளரின் வரியை அவருடைய இடத்திலிருந்து படிப்பது இன்னும் முக்கியம். தெற்கு நேரம் தவறாமையில் 2-லிருந்து 3-க்கு வந்தால் அதன் மொத்தம் 2.90 ஆகி, மேற்கின் தோளை உரசும். அந்தப் படியை ஏறத் தெற்குக்கு எது தடை? ஃபிரான்சைஸி அமைப்பில் புக்கிங் செய்தவர் கையிலேயே காசின் பெரும்பகுதி தங்கி, கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்று சிறு தொகை மட்டும் கிடைக்கும் ஏற்பாடு இருந்தால், சேர்ப்பவர் பத்துப் பார்சல் சேரட்டும் என்று காத்திருப்பார். தாமதத்தின் வேர் அங்கே இருக்கும்போது இரவு வண்டியை எவ்வளவு சீக்கிரம் கிளப்பினாலும் பயனில்லை. அந்தத் தொகையைத் தெற்கு கூட்டிவிட்டால் புதிய வண்டியோ கிளையோ இல்லாமலே படி ஏறிவிடலாம். மேற்கு கண்வைத்திருக்க வேண்டிய செய்தி அதுதான். தெற்கு எத்தனை புதுக் கிளை திறந்தது என்பது இரண்டாவது.

இந்தக் கூட்டல் முறைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஒரு காரணியின் பலம் இன்னொன்றின் படுவீழ்ச்சியை மூடிவிடும். சாம்பிளைத் தொலைத்துவிட்டு இழப்பீடும் தராத கூரியர், பத்திரத்தில் 1 வாங்கினாலும், மற்றவற்றில் 3-உம் 4-உம் பெற்று நல்ல மொத்தத்தோடு நிற்கும். ஏற்றுமதியாளரோ அதைப் பட்டியலிலிருந்தே நீக்கியிருப்பார். ஆகவே சில காரணிகளுக்கு இதற்குக் கீழே என்றால் ஒப்பீடே இல்லை என்ற குறைந்தபட்சக் கோட்டை முதலில் வைத்து, அதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் மொத்தம் போடுவது வழக்கம்.

மூன்று பத்திகளுக்குள் அடங்காத போட்டியும் இருக்கிறது. அஞ்சல் துறையின் ஸ்பீட் போஸ்ட் 1986 முதல் இயங்குகிறது. எட்டும் ஊர்களில் அதற்கு எந்த வட்டாரக் கூரியரும் ஈடில்லை. மாலையில் கொடுத்தால் காலையில் சென்னையில் எடுத்துக்கொள்ளும்படி ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடும் வழக்கமும் உண்டு. வாசலுக்கு வராது என்றாலும் வேகத்தில் அது எந்தக் கூரியருக்கும் இளைத்ததல்ல. வாடிக்கையாளர் இவற்றையும் சேர்த்துத்தான் யோசிக்கிறார் என்றால் அவற்றுக்கும் அட்டவணையில் பத்தி வேண்டும், அதே காரணிகளோடும் அதே வெயிட்டேஜோடும். பஸ் பார்சலுக்கு டிராக்கிங்கில் 1 விழும், நேரம் தவறாமையில் 4 விழலாம். பின்னலாடை வெயிட்டேஜில் அதன் மொத்தம் என்னவாகிறது என்று போட்டுப் பார்த்தால், மாலை ஏழு மணிக்கு மேல் மேற்கின் வாடிக்கையாளர்கள் ஏன் பஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்பது புரியும். கடைசி புக்கிங் நேரத்தை இரண்டு மணி நேரம் தள்ளிவைப்பது பற்றிய பேச்சும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.